கிளாவர் ஆறு

மழை பிடித்தால் அரிசிக் கப்பலில் வேலை நிற்கும். பர்மா அரிசி நனைந்தால் வீண் என்று கப்பல் வயிற்றின் வாயைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். எங்கள் கேங்கு பன்னிரண்டு பேரும் கரையில் இருக்கிற ஷெட்டுக்குள் ஓடி வந்து மூட்டை அடுக்குகளுக்கு நடுவே உட்காருவோம். உட்கார்ந்தாலும் உட்கார்ந்த மாதிரி இருக்காது. எப்போது மழை விடும், எப்போது விசில் அடிப்பான் என்று காது வாசலிலேயே கிடக்கும்.

அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் வெளியே போய் வரலாம். அது மேஸ்திரி பக்ருதீன் கொடுத்த சலுகை. தலை எண்ணுகிற சூப்பர்வைசர் வந்தால், ஒருத்தன் குறைகிறான் என்றால் "ஒண்ணுக்குப் போயிருக்கான் சார்" என்று சொல்லிவிடலாம். ரெண்டு பேர் குறைந்தால், ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டா போனார்கள் என்று கேட்பார்.

முன்பெல்லாம் யாருக்கு அவசரமோ அவன் போவான். அதைக் கெடுத்தவன் சின்னப்பையன். பேர்தான் சின்னப்பையன். ஆள் ஷெட்டுக் கதவு அகலம். ஒரே மழைக்காலத்தில் அவன் தன் அம்மாவை மூன்று தடவை சாகடித்தான். மூன்றாவது சாவுக்கு அவன் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாளே தூக்குச் சட்டியோடு கேட்டுக்கு வந்து, "எம்மவன் கஞ்சிய மறந்துட்டு வந்துட்டான், குடுத்துடு நைனா" என்று மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போனது.

அன்றைக்கு மேஸ்திரி சொன்னார்: "இனிமே எவனும் காரணம் சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு மாசம் பூரா வெளிய போக்கு கெடையாது. அடுத்தவனுக்காக சொன்னாலும் அதே. ரம்மி போடுங்க. எவன் மொதல்ல டிக் அடிக்கிறானோ அவன் போவட்டும். அம்மா செத்தாலும் சரி, சினிமாவுக்குப் போனாலும் சரி, நான் கேக்கமாட்டேன்."

அப்படித்தான் எங்கள் கேங்கில் காரணம் இல்லாத ஆட்டம் வந்தது.

மஜீது எங்களோடு சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருக்காது. ராயபுரத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. அம்மா, அப்பா இல்லை. தங்கச்சி அஜீசா மட்டும். அவளுக்குப் பினாங்கில் கடை வைத்திருக்கிற ஒருவனோடு நிக்காஹ் ஆகி, புருசனோடு கப்பலேற வேண்டிய நாள் அது. அதே துறைமுகம். எங்கள் அரிசிக் கப்பலுக்கு மூன்று கப்பல் தள்ளி அந்தப் பினாங்குக் கப்பல் நின்றது. ஷெட்டு வாசலிலிருந்து பார்த்தால் அதன் புகைக் குழாய் தெரியும். ரெண்டு மணிக்குக் கிளம்பும் என்று பேச்சு.

"கப்பலுக்கு வந்துருவேன், நான் வராம நீ ஏறாதே" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதோடு ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே செருப்பு. அவள் பாதத்தை நூலால் அளந்து வந்து, துறைமுக கேட்டுக்கு எதிரே உட்காருகிற தைக்கிறவரிடம் கொடுத்துச் செய்த சிவப்பு வார்ச் செருப்பு. காலையில்தான் கைக்கு வந்தது. வாங்கி வீட்டுக்குத் திரும்புவதற்குள் கேங்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொட்டலத்தை அவன் மூட்டை இடுக்கில் செருகி வைத்திருந்தான். பேசும்போதெல்லாம் கண் அங்கே போய்விட்டு வாசலுக்குப் போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கேங்கில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்தால் அவனுக்கும் போக்கு போய்விடும், எனக்கும் போய்விடும்.

மத்தியானச் சோறு தின்று கை கழுவும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. ரகுபதி கோணியை விரித்தான். அவன் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு கிளப்பில் தட்டு கழுவியவன், ஆட்டச் சட்டம் கேட்டால் அவனைத்தான் கேட்போம். ரெண்டு கட்டுச் சீட்டையும் ஜோக்கர்களையும் ஒன்றாகப் போட்டுக் கலைத்தான்.

"இன்னிக்கி எவன் எவன்?"

ஐந்து பேர் உட்கார்ந்தோம். ரகுபதி, மஜீது, தாமோதரன், சின்னப்பையன், நான். தாமோதரன் காசிமேட்டு மீனவன், கட்டுமரத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டு மூட்டைக்கு வந்தவன். அன்றைக்கு அவனும் ஒரு மாதிரி இருந்தான். துவைத்த சட்டையை மூட்டை மேல் மடித்து வைத்திருந்தான். ஏதோ இருந்தது. கேட்கக் கூடாது.

ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. மீதிக் கட்டை நடுவில் கவிழ்த்து, ஒரு சீட்டை வெட்டி மேல் பக்கமாகத் திருப்பினான். டைமன் ஆறு.

"ஆறு ஜோக்கரு" என்றான் ரகுபதி. "எந்த ஆறும் ஜோக்கரு. பொம்ம போட்டதும் ஜோக்கரு."

ஜோக்கர் என்றால் இல்லாத சீட்டுக்குப் பதிலாக எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இஸ்பேட்டு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று நாலு பூ; ஒரே பூவில் எட்டு, ஒன்பது, பத்து என்று வரிசையாக வந்தால் அது ரம்மி. ஒரே எண் வேறு வேறு பூவில் மூன்றோ நாலோ சேர்ந்தால் செட்டு. பதிமூன்று சீட்டும் இப்படி ஏதோ ஒன்றில் அடங்கவேண்டும், அதில் குறைந்தது ரெண்டு வரிசையாக இருக்கவேண்டும். அந்த ரெண்டில் ஒன்று ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ரம்மி. அது இல்லாமல் டிக் அடித்தால், அதாவது கை முடிந்தது என்று சொன்னால், தப்பு டிக். ஆட்டம் அப்போதே போச்சு, கையில் இருக்கிற எல்லாச் சீட்டையும் எண்ணித் தலையில் கட்டுவார்கள்.

எங்கள் கேங்கில் அதிகப் புள்ளி வாங்கினவன் மறுநாள் கப்பலின் அடித்தட்டில் நிற்கவேண்டும். அங்கே காற்று கிடையாது. அரிசித் தூசி மூக்கில் மாவாகும். போன மாசம் சின்னப்பையன் கையில் நாலு ஜோக்கர் வந்த சந்தோசத்தில் ரெண்டு வரிசையிலும் ஜோக்கரைச் சொருகி டிக் அடித்துவிட்டான். "ஒண்ணாவது சொந்தக் கால்ல நிக்க வேணாமா கஸ்மாலம்?" என்று ரகுபதி அவன் சீட்டைப் பரப்பிக் காட்டி எண்பது எழுதினான். மறுநாள் பூரா அடித்தட்டில் தும்மிக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்துத்தான் மஜீது ஆட்டம் கற்றுக்கொண்டான். அவன் மனசில் பதிந்த முதல் பாடம், ஜோக்கர் இருந்தால் அது ஒரிஜினல் இல்லை.

எனக்கு வந்த சீட்டு மோசமில்லை. ஆனாலும் முதல் கையிலேயே ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்தேன்.

"இன்னா மாமு, அதுக்குள்ள?" என்றான் ரகுபதி.

"கலீஜ் சீட்டு. நீங்க ஆடுங்க."

சின்னப்பையனும் கவிழ்த்தான். "எங்கம்மா சத்தியமா ஒண்ணுமே சேரல."

"உங்கம்மாவ விட்டுடுறா, பாவம். அது எத்தினி வாட்டிதான் சாவும்" என்றான் தாமோதரன். எல்லாரும் சிரித்தார்கள். மஜீது சிரிக்கவில்லை. அவன் வலது முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. சீட்டை விசிறியாகப் பிடிப்பான், மடக்குவான், மறுபடி விரிப்பான்.

ரகுபதி, அடுத்து மஜீது, அடுத்து தாமோதரன். சுற்றிச் சுற்றி வந்தது. கட்டிலிருந்து ஒன்று எடுக்கலாம், இல்லை முன் ஆள் போட்டதை எடுக்கலாம். எடுத்தால் ஒன்று போட்டாகவேண்டும். ரகுபதி ஆரம்பத்திலேயே கிளாவர் நாலைப் போட்டான். மஜீது அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்போது அவனுக்கு அது தேவையாக இல்லை.

"சீக்கிரம் போடு மஜீது, மழை உட்டுடப் போவுது."

"போடறேன், போடறேன்."

"இன்னாடா பேஜாரு உனுக்கு? மூட்டப்பூச்சி கடிக்குதா?"

வாசலுக்கு வெளியே பினாங்குக் கப்பலின் குழாயில் புகை கறுப்பாக வர ஆரம்பித்தது. மஜீது எழுந்து ரெண்டு அடி வைத்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சீட்டக் கையில வச்சிகினு நடக்காதே" என்றார் மூட்டை மேல் படுத்திருந்த மேஸ்திரி, கண்ணைத் திறக்காமலே.

அவன் கையில் என்ன இருந்தது என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று ராஜா, இஸ்பேட்டு, ஆட்டின், டைமன், ஒரு செட்டு. நாலு பூவிலும் நாலு மூன்று, இன்னொரு செட்டு. ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஜாக்கி, நடுவில் பத்துக்குப் பதிலாகப் பொம்மை ஜோக்கர். அது ஒரு வரிசை, ஜோக்கர் போட்டது. மீதி மூன்று சீட்டு கிளாவர் ஐந்து, கிளாவர் ஆறு, கிளாவர் ஏழு.

அந்த மூன்றாவது ராஜா வந்தபோது, கூடுதலாகக் கிடந்த ரெண்டாவது இஸ்பேட்டு மூன்றைத் தூக்கிப் போட்டான். ஒரே செட்டில் ஒரே பூ ரெண்டு தடவை நிற்காது. போட்டுவிட்டுக் கையைப் பார்த்தான். எல்லாம் அடங்கியிருக்கிறது, ஒரிஜினல் மட்டும் இல்லை என்று நினைத்தான். ஆறுதான் ஜோக்கராயிற்றே. கிளாவர் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஜோக்கர் நிற்கிறது, அப்போது இதுவும் டூப்ளிகேட், இப்போது டிக் அடித்தால் சின்னப்பையன் கதைதான் நமக்கும்.

அதனால் கிளாவர் நாலுக்குக் காத்திருந்தான். நாலு வந்தால் கிளாவர் மூன்று, நாலு, ஐந்து, ஜோக்கரே இல்லாத ஒரிஜினல். ஆறை ராஜா செட்டில் சேர்த்துவிட்டு, ஏழைக் கவிழ்த்து டிக் அடிக்கலாம். ரெண்டு கட்டுக்கு ரெண்டு கிளாவர் நாலு. ஒன்று ரகுபதி போட்டுப் போய்விட்டது. இன்னொன்று எங்கேயோ இருக்கிறது.

அடுத்த கை எடுத்தான். ஆட்டின் ரெண்டு. போட்டான். அடுத்தது கிளாவர் ராணி. அதையும் போட்டான்.

கப்பல் ஊதியது. நீளமாக, மழைக்குள் முக்கிக்கொண்டு வருகிற சத்தம்.

"அது எங்க போற கப்பலு?" என்றான் சின்னப்பையன்.

"பினாங்கு" என்றேன். அதற்கு மேல் என் நாக்கு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மஜீது கட்டிலிருந்து எடுத்தான். இஸ்பேட்டு பத்து. பார்த்த உடனே கோணி மேல் அடித்தான், அடித்த வேகத்தில் சீட்டு துள்ளியது.

தாமோதரன் அதை மெதுவாக எடுத்தான். கையில் சொருகினான். ஒரு சீட்டை உருவி நடுவில் குப்புற வைத்தான்.

"டிக்."

இஸ்பேட்டு எட்டு, ஒன்பது, மஜீது போட்ட பத்து. ஒரிஜினல். டைமன் ஜாக்கி, ராணி, ஒரு ஆறு. நாலு ஆஸ். மூன்று நாலு, அதில் ஒன்று கிளாவர். மஜீது காத்திருந்த நாலு தாமோதரனின் செட்டில் உட்கார்ந்திருந்தது.

ரகுபதி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். "சரி. போ மாமு."

தாமோதரன் எழுந்து சட்டையை உதறினான். மஜீது அசையவில்லை. முட்டிகூட நின்றுவிட்டது.

"புள்ளி எண்ணுடா, நாளைக்கி எவன் அடித்தட்டுன்னு பாக்கணும்" என்றான் சின்னப்பையன் ஆசையோடு. ரகுபதி தன் கையைக் காட்டினான். ஒரிஜினல் இருந்ததால் சேராத சீட்டை மட்டும் எண்ணி முப்பத்து நாலு. "உன்னுது மஜீது?"

"எனுக்கு ரம்மி இல்ல. எல்லாத்தயும் எண்ணிக்கோ."

சீட்டை அப்படியே போட்டான். ரகுபதி எண்ண ஆரம்பித்தான். "ஜோக்கருக்குப் புள்ளி கெடையாது. ராஜா பத்து பத்தா முப்பது, மூணு நாலு பன்னண்டு..." விரல் கிளாவர் பக்கம் வந்து நின்றது. ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி ஆட்டின் வரிசையைப் பார்த்தான். மறுபடி கிளாவர்.

"டேய். இன்னாடா இது?"

"இன்னா?"

"உன் கை முடிஞ்சிகீதுடா."

"எப்படி? ஆறு ஜோக்கரு இல்ல?"

"ஜோக்கருதான். ஆனா கிளாவர் அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல நிக்கறது கிளாவர் ஆறு. அது வேற எதுக்கும் பதிலா நிக்கல. அதோட எடத்துலயே நிக்குது. அப்ப அது ஜோக்கர் இல்ல, ஆறுதான். இது ஒரிஜினல்டா!"

"இன்னா ஒரிஜினலு?" என்று சின்னப்பையன் பாய்ந்தான். "ஜோக்கர் இருந்தா ஒரிஜினல் இல்லன்னு என்ன மட்டும் அடித்தட்டுக்கு அனுப்புனே? ஆளுக்கு ஒரு சட்டமா?"

"அன்னிக்கி ரெண்டு ஜோக்கரு. உன்னுதுல இஸ்பேட்டு வரிசைக்கு நடுவுல ஆட்டின் ரெண்டு இருந்துச்சிடா. வூட்டுக்கு வந்த விருந்தாளி. இது வூட்டுக்காரன்."

சின்னப்பையன் விடவில்லை. மேஸ்திரி எழுந்து உட்கார்ந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"ரகுபதி சொல்றது சரி" என்றார். "எப்ப முடிஞ்சுது கை?"

மஜீது சொன்னான். "ராஜா வந்தப்போ."

"அப்பால எத்தினி வாட்டி எடுத்தே?"

"ரெண்டு, ராணி... பத்து. மூணு வாட்டி."

தகரக் கூரை மேல் மழை அடித்தது. ராஜா வந்ததையும் சேர்த்து நாலு தடவை அவன் கையில் போக்கு இருந்திருக்கிறது. நாலாவது தடவை அதைத் தன் கையாலேயே தாமோதரனுக்குப் போட்டிருக்கிறான்.

"டிக் அடிச்சவனுக்குத்தான் ஆட்டம்" என்றார் மேஸ்திரி. "கையில வச்சிகினு இருந்தா கணக்கில்ல. தாமோதரா, நீ போ."

தாமோதரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மஜீதைப் பார்த்தான். பிறகு மஜீது பார்க்கிற இடத்தைப் பார்த்தான். மூட்டை இடுக்கில் காகிதப் பொட்டலம். அதிலிருந்து வாசல். வாசலில் புகை. அவன் கடலில் வளர்ந்தவன், ஒருத்தன் கண் போகிற திசையை வைத்து மீன் எங்கே என்று சொல்லிவிடுவான்.

மஜீதின் உதடு பிரிந்தது.

"சொல்லாதே" என்றான் தாமோதரன். "மாசம் பூரா போயிடும்."

போய்ப் பொட்டலத்தை எடுத்தான். ஒரு முனையைப் பிரித்து, சிவப்பு வாரைப் பார்த்துவிட்டு மூடினான்.

"காரணம் கேக்கல. எங்க குடுக்கணும்னு மட்டும் கேக்கறேன். மேஸ்திரி, இது சட்டத்துல கீதா?"

மேஸ்திரி திரும்பிப் போய் மூட்டை மேல் படுத்தார். "எனுக்குக் காது கேக்கல."

"அஜீசா" என்றான் மஜீது. "பச்ச துப்பட்டா. ஏணிகிட்ட நிக்கும். நான் வராம ஏறாது."

தாமோதரன் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான். துவைத்த சட்டை நாலு அடியிலேயே உடம்போடு ஒட்டியது.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மழை நின்றுவிட்டது. அப்படி நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. விசில் அடித்தான், தார்ப்பாயை இழுத்தார்கள். அன்றைக்கு அடித்தட்டு மஜீதின் முறை இல்லை, மேல்தட்டிலேயே நின்றிருக்கலாம். அவன் நேராக அடித்தட்டுக்கு இறங்கினான். மேலே நின்றால் கப்பல் தெரியும். நானும் கூட இறங்கினேன்.

கொக்கியில் மூட்டை மாட்டினோம், அனுப்பினோம். அவன் வாய் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தது. கிட்டே போனால், "அதோட எடத்துலதான் இருந்துச்சி. அதோட எடத்துலதான் இருந்துச்சி மாமு" என்கிறான். பினாங்குக் கப்பல் மறுபடி ஊதியது. இந்தத் தடவை சத்தம் நகர்ந்துகொண்டே போனது. எங்கள் கப்பலின் இரும்பு லேசாக அதிர்ந்தது. மஜீது கொக்கியைப் பிடித்தபடியே நின்றான். மேலே இருந்து கொக்கியைத் தூக்குகிற வின்ச்சுக்காரன் கத்துகிற வரைக்கும் விடவில்லை.

தாமோதரன் இரும்பு ஏணி வழியாக இறங்கி வந்தான். சட்டை பாழாகியிருந்தது.

"குடுத்துட்டேன்" என்றான். "அங்கேயே போட்டுகினு ஏறிச்சி. வலது கால் கொஞ்சம் இறுக்கமாம். போகப் போக சரியாயிடும்னு சொன்னேன்."

"ஏறமாட்டேன்னு சொன்னிச்சா?"

"சொன்னிச்சி. மாப்பிள புட்சி இழுத்துகினு போனாரு."

மஜீது மூட்டையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். "அண்ணன் ஏன் வரலன்னு கேட்டுச்சா?"

"கேக்காம இருக்குமா?"

"இன்னா சொன்னே?"

"நம்ம கேங்குல காரணம் சொன்னா போக்கு கெடையாது. எனுக்கு அடுத்த மாசம் போவணும்" என்றான் தாமோதரன். "அத்தான் ஒண்ணும் சொல்லல."

மஜீது சிரிக்கிற மாதிரி முகம் வைத்தான், ஆனால் மூக்கை உறிஞ்சினான். அரிசித் தூசி என்று நினைத்துக்கொள்ளலாம். பிறகு தாமோதரனின் நனைந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"நீ எங்க போறதுக்கு இத்தப் போட்டுகினே?"

தாமோதரன் கொக்கியை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்.

"மூட்டையத் தூக்கு."